வைரத்தில் ஒரு குறை



வைரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மோதிரமும் காதணியுமாகத்தான் இருக்கும். கறையில்லாமலும் நிறமில்லாமலும் இருக்கும் கல்லுக்கே நகைக்கடையில் விலை அதிகம். இம்மாதம் நாம் பார்க்கப் போவது இதற்கு நேர்மாறான ஒரு வைரத்தை. அதன் உள்ளே வேண்டுமென்றே குறைகளை உண்டாக்குகிறார்கள். அந்தக் குறைகளால் கல் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறிவிடுகிறது. கடற்புழு ஒன்றின் நரம்பில் ஓடிய சமிக்ஞையை, புழுவின் உடலைக் கீறாமல், ஊசி எதையும் நரம்பினுள் ஏற்றாமல், அதிலிருந்து கசியும் காந்தத்தைக் கொண்டே அறிந்தது அத்தகைய ஒரு கல்தான்.

அது எப்படி முடிந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கணக்கு வரும் இடங்களில் பெருக்கல் தெரிந்தால் போதும்.

வைரம் முழுக்க முழுக்கக் காபன் அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவும் நான்கு அயல் அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கும். இந்த அடுக்கில் ஓர் இடத்தில் காபனுக்குப் பதிலாக நைதரசன் அணு ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்து இடத்தில் எந்த அணுவுமே இல்லை. அது வெறுமையாக இருக்கிறது. இந்தச் சோடியைத்தான் விஞ்ஞானிகள் 'நைதரசன் வெற்றிட மையம்' என்கிறார்கள். இதனைச் செய்யும் முறையும் விளங்கக்கூடியதே. சிறிதளவு நைதரசன் கலந்த செயற்கை வைரத்தின் மீது வேகமான இலத்திரன்களைப் பாய்ச்சுவார்கள். அவை மோதி ஆங்காங்கே காபன் அணுக்களை இடம்பெயர்த்துவிடும். பின்னர் கல்லைச் சுமார் 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், அந்த வெற்றிடங்கள் அடுக்கினுள் அலையத் தொடங்கும். அலைந்து திரிந்து ஒரு நைதரசன் அணுவின் பக்கத்தில் வந்ததும் அங்கேயே நின்றுவிடும்.

"அப்படியானால் என் மோதிரத்துக் கல்லும் காந்தம் அறியுமா?" என்று கேட்கத் தோன்றலாம். பெரும்பாலும் அறியாது. பூமிக்கடியில் நெடுங்காலம் கிடந்த இயற்கை வைரங்களில் நைதரசன் இருந்தாலும், அது தனித்தனியாக இராமல் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்துவிட்டிருக்கும். அத்தகைய கல் நகைக்கு நல்லது. இந்த வேலைக்கு உதவாது.

இனி அந்த வெற்றிடத்தினுள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அங்கே சில இலத்திரன்கள் சிறைப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இலத்திரனும் தனக்கென்று ஒரு 'சுழற்சி' உடையது. அதனால் ஒரு மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்ளும். கிப்லாத் திசை பார்க்க நாம் பாவிக்கும் காந்த ஊசி எந்தப் பக்கமும் திரும்பும். இந்த மையத்தின் சுழற்சியோ அப்படியல்ல. மையத்தின் அச்சுக்கு நேராகப் பார்த்தால் அதற்கு மூன்றே நிலைகள் உண்டு. அவற்றைப் பூச்சியம், கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று குறிக்கிறார்கள்.

இந்த நிலைகளை வெளிச்சத்தைக் கொண்டே வாசிக்கலாம் என்பதுதான் இக்கல்லின் விசேடம். பச்சை நிற லேசர் ஒளியைப் பாய்ச்சினால் மையங்கள் சிவப்பு ஒளியைத் திருப்பித் தரும். பூச்சிய நிலையில் உள்ளவை நன்கு ஒளிரும். மற்ற இரு நிலைகளில் உள்ளவை மங்கலாக ஒளிரும். அது மட்டுமல்ல, அதே பச்சை ஒளி சிறிது நேரத்தில் எல்லா மையங்களையும் பூச்சிய நிலைக்கே கொண்டுவந்து சேர்த்தும் விடுகிறது. அளப்பதற்குத் தயார்ப்படுத்துவதும் அளவை வாசிப்பதும் ஒரே விளக்கால் நடக்கின்றன.

எல்லாம் பூச்சிய நிலையில் பிரகாசமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது கல்லின் மீது நுண்ணலையையும் விடுவார்கள். நமது குசினியில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பின் அலை செக்கனுக்கு 2450 மில்லியன் தடவை அதிர்கிறது. இந்த மையங்களுக்குப் பிடித்தமான அதிர்வெண் அதற்குச் சற்று மேலே, 2870 மில்லியனில் இருக்கிறது. நுண்ணலையின் அதிர்வெண்ணை, வானொலியில் நிலையம் தேடுவது போல, மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போனால் சரியாக 2870 மில்லியனில் சிவப்பு ஒளி மங்கும். மையங்கள் பூச்சியத்திலிருந்து மங்கலான நிலைகளுக்குத் தாவிவிட்டன என்பதே அதன் பொருள். வரைபடத்தில் அது ஒரு குழி போலத் தெரியும்.

காந்தம் ஒன்றும் அருகில் இல்லாதபோது ஒரு குழிதான். காந்தப் புலம் வந்ததும் அது இரண்டாகப் பிரிகிறது. கூட்டல் நிலைக்குரிய குழி மேலே நகரும். கழித்தல் நிலைக்குரிய குழி கீழே நகரும். எவ்வளவு நகரும் என்பதும் திட்டமாகத் தெரியும். காந்தப் புலத்தை நனோதெசுலா என்ற அலகில் அளந்தால், மையத்தின் அச்சுத் திசையில் ஒவ்வொரு நனோதெசுலாவுக்கும் குழி செக்கனுக்கு 28 அதிர்வுகள் நகரும். நம் நாட்டில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40,000 நனோதெசுலா. அது அச்சோடு ஒத்திருந்தால் ஒவ்வொரு குழியும் பத்து இலட்சம் அதிர்வுகளுக்கு மேல் விலகிச் செல்லும். இந்த 28 என்ற எண் எங்கிருந்து வந்தது? இலத்திரனின் இயல்பிலிருந்தே வந்தது. எந்த நாட்டில் எந்த ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தாலும் அது மாறாது. தராசுக்கு முத்திரைப் படி தேடுவது போல இதற்கு வேறொரு அளவுகோல் தேட வேண்டியதில்லை என்பது என் மனதை மிகவும் கவர்ந்த விடயம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இலத்திரன் சுழற்சி என்பது மிக நொய்மையானது. சாதாரணப் பொருள்களில் அறையின் வெப்பமே அணுக்களை உலுக்கிச் சுழற்சியின் நிலையை நொடிப் பொழுதில் குழப்பிவிடும். மெல்லிய காந்தத்தை அளக்கும் பழைய கருவிகளைத் திரவ ஈலியத்தில், பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையில், குளிர வைக்க வேண்டியிருந்தது. வைரத்தில் மட்டும் இது எப்படிச் சாதாரண அறையிலேயே நடக்கிறது? காரணம் வைரத்தின் கடினம். அதன் அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அறை வெப்பத்தில் அடுக்கு அதிகம் அதிர்வதில்லை. அத்துடன் காபன் அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவற்றின் கருவுக்குக் காந்தத் தன்மையே கிடையாது. ஆகவே சிறைப்பட்ட இலத்திரனுக்கு அமைதியான அயலவர்கள். ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அது தன் நிலையைக் காத்து நிற்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அளவெடுக்க அது தாராளமான நேரம்.

இப்படித் தனியொரு மையத்தின் ஒளியில் அதன் காந்த நிலையை அறை வெப்பநிலையிலேயே வாசிக்கலாம் என்று ஜேர்மனியில் 1997ஆம் ஆண்டு காட்டினார்கள். 2008இல் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலும் ஜேர்மனியின் ஸ்டுட்காட்டிலும் இதனைக் கொண்டு மெல்லிய காந்தப் புலத்தை அளந்தும் காட்டினார்கள். குளிர்ப்பதனம் தேவையில்லை என்பதன் உண்மையான பயன் செலவு மிச்சம் மட்டுமல்ல. ஈலியத்தில் மூழ்கிய கருவிக்கும் உயிருள்ள உடலுக்கும் இடையில் தடித்த தடுப்பு ஒன்று வேண்டும். காந்தமோ தூரம் கூடக்கூட விரைவாகக் குறைந்துவிடும். வைரத்தை உடலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். வைரம் உயிர்க்கலங்களுக்கு நஞ்சும் அல்ல.

இனிப் புழுவின் கதைக்கு வருவோம். மிக்சிகோலா என்பது சேற்றில் குழாய் அமைத்து அதற்குள் வாழும் கடற்புழு. தலையில் விசிறி போன்ற தூவிகளை விரித்து நீரிலுள்ள இரையை வடித்து உண்ணும். ஆபத்து என்று உணர்ந்தால் மின்னல் வேகத்தில் குழாய்க்குள் சுருங்கிவிடும். அந்த வேகத்துக்காகவே அதன் உடல் நெடுக மிகத் தடித்த நரம்பிழை ஒன்று ஓடுகிறது. 2016ஆம் ஆண்டு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் தங்கள் பரிசோதனையை வெளியிட்டார்கள். அவர்கள் பாவித்த வைரம் நான்கு மில்லிமீற்றர் நீளமும் அதே அகலமும் கொண்டது. கனம் அரை மில்லிமீற்றர். அதன் மேற்பரப்பில் மட்டும் தலைமயிரை விட மெல்லிய ஒரு படையில் வெற்றிட மையங்கள் இருந்தன. அதன் மேல் நரம்பிழையை வைத்தார்கள். பச்சை ஒளி கல்லினுள்ளேயே ஓடியது. உயிரின் மீது படவில்லை. நரம்பின் ஒரு முனையில் சிறு மின்தூண்டல் கொடுத்துச் சமிக்ஞையை ஓடவிட்டார்கள்.

நரம்புச் சமிக்ஞை என்பது மின்னோட்டம். மின்னோட்டம் எங்கு ஓடினாலும் அதைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும். இங்கு உண்டானது உச்சியிலிருந்து அடி வரை சுமார் 4 நனோதெசுலா. பூமியின் காந்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் கணக்குப்படி குழி நகர்வது 28ஐ நான்கால் பெருக்கினால் வரும் 112 அதிர்வுகள். ஆனால் குழியின் அகலமே சுமார் பத்து இலட்சம் அதிர்வுகள்! பெரிய பள்ளத்தாக்கு ஒன்று ஒரு சாண் நகர்ந்ததைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. அதற்காக அவர்கள் குழியின் அடியைப் பார்க்காமல் அதன் செங்குத்தான சரிவில் நுண்ணலையை நிறுத்தினார்கள். சரிவில் நின்றால் சிறு நகர்வும் பிரகாசத்தில் மாற்றமாகத் தெரியும். அப்படியிருந்தும் பிரகாசம் மாறியது இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாகவே. லேசர் விளக்கே அதைவிட அதிகமாகத் துடிக்கும். எனவே லேசர் ஒளியில் ஒரு பகுதியைக் கல்லுக்குள் விடாமல் தனியே பிரித்து அளந்து, அதன் துடிப்பைச் சிவப்பு ஒளியின் அளவிலிருந்து கழித்துவிட்டார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு சமிக்ஞை இரைச்சலுக்கு மேலே மட்டுமட்டாகத்தான் தலைகாட்டியது. ஆகவே 600 தடவைகள் தூண்டிச் சராசரி எடுத்தார்கள். கலியாண வீட்டுச் சந்தடியில் ஒரு குழந்தை ஒரு சொல்லைச் சொன்னால் கேட்காது. அதே சொல்லை அதே கணத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி, பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், சந்தடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சொல் எஞ்சும். ஆனால் 600 தடவை செய்தால் 600 மடங்கு தெளிவு வராது. 600இன் வர்க்கமூலம் சுமார் 24 அல்லவா? 24 மடங்குதான் வரும். இந்த விதியை மறக்க வேண்டாம். கொஞ்சத்தில் மீண்டும் தேவைப்படும்.

வந்த அலை நரம்பினுடையது தானா, தூண்டல் கருவியிலிருந்தோ சுவர் மின்கம்பியிலிருந்தோ வந்ததா? இதுவே கேட்க வேண்டிய கேள்வி. கட்டடத்து மின்சாரத்தின் முணுமுணுப்பை அதன் அதிர்வெண்ணைக் கொண்டே இனங்கண்டு வடித்துவிடலாம். மற்றதற்கு நரம்பே சாட்சி சொன்னது. சமிக்ஞை ஓடும்போது அதன் முன்புறத்தில் மின்னோட்டம் முன்னோக்கியும், பின்புறத்தில் பின்னோக்கியும் செல்கிறது. ஆகவே காந்தம் முதலில் ஒரு பக்கமாக எழுந்து பின்னர் மறுபக்கமாகத் தாழ வேண்டும். மறு முனையில் தூண்டினால் இந்த ஒழுங்கு அப்படியே தலைகீழாக வேண்டும். அவ்வாறே தலைகீழானது. மின்வாய் ஒன்றை வைத்துச் சாதாரண முறையிலும் பதிந்து ஒப்பிட்டார்கள். இந்தத் திசை அறிவு சாதாரண மின்வாய் ஒன்றை ஓரிடத்தில் வைத்தால் கிடைக்காதது. காந்தம் மட்டுமே தந்தது. பின்னர் நரம்பை வெளியே எடுக்காமல் முழுப் புழுவையும் உயிரோடு கல்லின் மேல் கிடத்திப் பார்த்தார்கள். தூரம் கூடியதால் சமிக்ஞை மேலும் மெலிந்தது. என்றாலும் தெரிந்தது. நீண்ட நேரம் வைத்திருந்தும் புழுவுக்குத் தீங்கு எதுவும் காணப்படவில்லை.

இக்கருவிக்கு ஒரு பொல்லாத எதிரி உண்டு. அதுதான் வெப்பநிலை. கல் ஒரு பாகை சூடேறினால் குழி செக்கனுக்கு சுமார் 74,000 அதிர்வுகள் கீழே இறங்கும். புழுவின் 112 அதிர்வுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு வெப்பம் மாறினாலே அது புழுவின் நரம்புச் சமிக்ஞை போல வேடமிடும். லேசரும் நுண்ணலையும் கல்லைச் சூடாக்கிக்கொண்டே இருப்பவை. பொய்யை மெய்யிலிருந்து எப்படிப் பிரிப்பது? வெப்பம் இரு குழிகளையும் ஒரே திசையில் தள்ளுகிறது. காந்தமோ ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளுகிறது. இரண்டையும் பார்த்தால் எது எது என்று விளங்கிவிடும். அத்துடன் நரம்புச் சமிக்ஞை செக்கனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். வெப்பம் அவ்வளவு வேகமாக மாறாது. மெதுவாக நகரும் அனைத்தையும் வடித்துத் தள்ளிவிட்டால் பெரும்பகுதித் தொல்லை தீரும். இதனாலேயே வேகமான சமிக்ஞைகளில் இக்கல் நம்பகமானது. மெல்ல மாறும் காந்தத்தை அளக்கப் போனால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

"வைரத்தால் மனித மூளையின் எண்ணங்களை வாசிக்கப் போகிறார்கள்" என்ற தலைப்பில் யாராவது எழுதியிருந்தால் அதனை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். தலைக்கு வெளியே மூளையின் காந்தம் சுமார் 0.0001 நனோதெசுலா. புழுப் பரிசோதனையில் ஒரு செக்கன் சராசரி எடுத்தபோது எஞ்சிய இரைச்சல் 0.015 நனோதெசுலா, அதாவது மூளையின் சமிக்ஞையைவிட 150 மடங்கு. இரைச்சலை 150 மடங்கு குறைக்க 150ஐ 150ஆல் பெருக்கிய அளவு நேரம் வேண்டும். அது 22,500 செக்கன். ஆறு மணித்தியாலத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் தலையை அசைக்காமல் இருந்தாலும் சமிக்ஞையும் இரைச்சலும் சமனாகத்தான் நிற்கும். எந்த எண்ணம் ஆறு மணித்தியாலம் மாறாமல் இருக்கும்?

2020இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு குழுவினர், வைரத்தின் இரு பக்கமும் பெரைற்றுக் கூம்புகளை வைத்துக் காந்தத்தைக் குவித்து, இரைச்சலை 0.0009 நனோதெசுலா வரை இறக்கினார்கள். இப்போது 150க்குப் பதிலாக 9 மடங்கு. 81 செக்கன் போதும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கூம்புகள் இடம் பிடிக்கின்றன. பக்கத்தில் வைக்கலாம் என்பதல்லவா வைரத்தின் சிறப்பு? அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. மூளையை அளக்க ஈலியக் குளிர் கருவிகள் 1970களிலிருந்தே உள்ளன. சூடான உலோக ஆவியைக் கொண்டு இயங்கும் கருவிகளும் பின்னர் வந்துவிட்டன. அந்தத் துறையில் வைரம் இப்போதைக்குப் பின்வரிசையில்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

இருதயத்தின் காந்தம் மூளையுடையதை விடப் பல நூறு மடங்கு பலமானது. ஆகவே அங்கே வைரத்துக்கு இடம் உண்டு. 2022இல் ஜப்பானில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் மயக்கமூட்டப்பட்ட எலிகளின் இருதயத்துக்கு மேலாக வைரத்தைப் பிடித்து, இருதயத்தில் மின்னோட்டம் எவ்வழியாகச் செல்கிறது என்பதை மில்லிமீற்றர் அளவில் வரைந்து காட்டினார்கள். இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவோரில் மின்னோட்டம் எந்த மூலையில் சுற்றிச் சுழல்கிறது என்பதை அறிய இத்தகைய வரைபடம் வேண்டும். நெஞ்சில் ஒட்டும் சாதாரண ஈசீஜீ இவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது. ஆனால் அந்த வரைபடத்தைப் பெற எலியின் நெஞ்சைத் திறந்து வைரத்தை இருதயத்துக்குச் சில மில்லிமீற்றர் அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெஞ்சு மூடியிருந்தால் தூரம் கூடும். தூரம் கூடினால் காந்தம் மெலிவது மட்டுமல்ல, படமும் கலங்கும். கல்லின் இரைச்சலை இன்னும் எவ்வளவு குறைத்தால் எலும்புக்கு வெளியே நின்றே அதே படத்தை எடுக்கலாம் என்பதில்தான் இப்போது வேலை நடக்கிறது.